நாலு ஆறு எந்தக் கட்டத்துக்கு

கருமத்தம்பட்டி ஆறுச்சாமி வீட்டுக் கல்யாணம் என்றால் சொந்தத்தில் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது ரித்திகாதான். மாப்பிள்ளை அவளில்லை, பொண்ணும் அவளில்லை. ஆனால் அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால், எந்த விசேஷத்திலும் நாலு பக்கமும் அவள்தான் தென்படுவாள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பாள், திரும்பினால் வாசலில் சந்தனம் நீட்டிக்கொண்டிருப்பாள், கார் நிறுத்த இடமில்லை என்று சண்டை வந்தால் அங்கேயும் நிற்பாள்.

மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் ஆறுச்சாமி, பன்னிரண்டு தறிக்காரர். நடு வீட்டுப் பெண் ரித்திகா. கடைசி வீட்டுப் பெண் அக்ஷயா, ரித்திகாவுக்கு இரண்டு வயது இளையவள். ஆறுச்சாமிக்கும் தெய்வாத்தாளுக்கும் ரொம்ப நாள் குழந்தை இல்லாமலிருந்து, பழனிக்கும் சென்னிமலைக்கும் நடந்து, கடைசியில் பிறந்த ஒரே பையன் சபரீஷ். தெய்வாத்தாள் பகல் ஷிப்டில் தறி பார்த்த காலம் அது. பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது ரித்திகாதான். அவளுக்கே அப்போது பால்பல் விழுந்து முடியவில்லை.

அப்படிச் சுற்றிச் சுற்றி வளர்ந்தவள் பெரியவளான பிறகும் சுற்றினாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை, பிறகு வேறு கம்பெனி, பிறகு அதையும் விட்டு இன்னொன்று. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் கூட நிற்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று அவள் சொன்னதும் இல்லை, நேராகக் கேட்டவரும் இல்லை. அந்தக் கல்யாணம் கோயமுத்தூர் கோர்ட்டில் போன வருஷம் முடிந்தது. அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் அவளிடம் முன்னைவிட மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதைதான் அவளுக்கு உடம்பில் சோளத்தட்டுச் சுணை பட்டதுபோல் இருந்தது.

சபரீஷுக்குப் பெண் அமைந்தது. நிச்சயமும் ஆனது. கூடப் பிறந்த அக்கா தங்கை அவனுக்கு இல்லாததால் இணைச்சீர் யார் செய்வது என்ற பேச்சு வந்தது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கையோ பேழைமூடி என்ற மூங்கில் கூடையைச் சுமந்து வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவள் கையில். நாளைக்குப் பெண்டாட்டி வந்தாலும் உடன்பிறந்தவளுக்கு இந்த வீட்டில் பாத்தியதை உண்டு என்று ஊரறியச் சொல்வது அது. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண் செய்வாள். இரண்டு பெண்களில் மூத்தவள், பையனைத் தூக்கி வளர்த்தவள், ரித்திகா.

ஆனால் தீர்த்துக்கொண்டு வந்தவள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்த ஊரில் ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்ற சொல் நாக்கில் வராது. வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட நிறைந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். ரித்திகா கேட்டபோதெல்லாம் தெய்வாத்தாள், பாக்கலாம் கண்ணு என்றாள். இன்னொரு நாள், சீர் பண்ணி வெக்கற அருமைக்காரரைக் கேட்டுச் சொல்றேன் என்றாள். மூன்றாவது தடவை கேட்டபோது, காப்பி குடிக்கறயா கண்ணு என்றாள். சபரீஷ் தன் அம்மாவிடம் பெரியக்காதான் வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். அவனுக்கும் பாக்கலாம் சாமி என்பதே பதில்.

பட்டெடுக்கக் கோயமுத்தூர் போய்த் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஆறுச்சாமி வீட்டு முன்னறையில் இருந்தார்கள். தறிகளுக்கு லீவு. எந்நேரமும் தடதடவென்று கேட்டுப் பழகிய வீட்டில் அன்றைக்குச் சத்தமே இல்லாததால் ஆளாளுக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. ரித்திகா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அக்ஷயா பெருந்துறையிலிருந்து வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே சிப்காட்டில் வேலை. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சேலைகளைப் பிரித்து மடித்து எல்லோரும் பார்த்து முடித்ததும், இணைச்சீர்க்காரிக்கு எடுத்த சேலை மட்டும் தனியே கட்டிலில் கிடந்தது. அதை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் தெய்வாத்தாள் இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் அங்கேயே வைத்தாள்.

அப்போதுதான் சபரீஷ் அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்தான். சின்ன வயதில் கடைசிச் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. மேலே இங்கிலீஷில் ஏதோ பெயர். வீட்டில் அதற்குப் பெயர் அஞ்சு பகடை. மூன்று பேரும் வளர்ந்த காலத்தில் எந்த வழக்கு வந்தாலும் அந்தப் பெட்டிதான் பஞ்சாயத்து. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு யாருக்கு, மொட்டை மாடிக் கட்டில் யாருக்கு என்பதெல்லாம் ஒரு ஆட்டத்தில் முடியும். தோற்றவர் முகம் சுளிக்கக்கூடாது என்பது சட்டம்.

“ரெண்டு அக்காளும் ஒரு ஆட்டம் போடட்டும்மா. ஜெயிக்கறவங்க இணைச்சீர்க்காரி. அதுக்கு மேல பேச்சில்ல,” என்றான் சபரீஷ்.

கல்யாணத்தைச் சூதாட்டம் ஆக்குவதா என்று ஆறுச்சாமி முனகினார். ஆனால் தெய்வாத்தாளின் முகம் தெளிந்தது. தன் வாயால் சொல்லவேண்டிய ஒன்றைப் பகடை சொல்லிவிடும். அதோடு, இந்த விளையாட்டில் அக்ஷயாதான் எப்போதும் ஜெயிப்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.

“அதுவும் சரித்தான். யாரு ஜெயிச்சாலும் எனக்குச் சம்மதந்தான் கண்ணுகளா. சாமி விட்ட வழி,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

ரித்திகா நடையை நிறுத்தினாள். அக்ஷயா அவளைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆட்டம் பெரிய வித்தையில்லை. ஒரு முறைக்கு மூன்று உருட்டல். முதலில் ஐந்து பகடையும் உருட்ட வேண்டும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் திரும்ப உருட்டலாம், அப்படி இன்னும் இரண்டு தடவை. கடைசியில் நிற்பதைத் தாளில் உள்ள பதின்மூன்று கட்டத்தில் ஏதாவது ஒன்றில் எழுத வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு தடவைதான். எதிலும் பொருந்தாவிட்டால் ஏதோ ஒரு கட்டத்தில் முட்டை போட்டே ஆக வேண்டும். மேலே ஆறு கட்டம், ஒன்றுகளுக்கு ஒன்று, இரண்டுகளுக்கு ஒன்று என்று ஆறு வரை. அந்த ஆறும் சேர்ந்து அறுபத்துமூன்றைத் தொட்டால் கூட முப்பத்தைந்து இனாம். கீழே ஏழு கட்டம்: மூணு ஒரே மாதிரி, நாலு ஒரே மாதிரி, மூணும் ரெண்டும், சின்ன வரிசை, பெரிய வரிசை, அஞ்சும் ஒரே மாதிரி, பிறகு எதுவானாலும் என்று ஒன்று. அஞ்சும் ஒரே மாதிரி வந்தால் ஐம்பது.

பகடையை வைத்துக்கொள்வதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். அக்ஷயா மேல்கட்டம் ஒவ்வொன்றிலும் மூன்று விழுந்தால் போதும் என்று ஆடுவாள். மூன்று ஒன்று, மூன்று இரண்டு என்று போனால் ஆறு வரைக்கும் சரியாக அறுபத்துமூன்று. அஞ்சும் ஒரே மாதிரி என்ற கட்டத்தில் நேரத்தோடு முட்டை போட்டுவிட்டு, அந்த ஆசையே இல்லாதவளாக மற்றதை நிரப்புவாள். ரித்திகா அப்படியில்லை. கையில் நல்ல வரிசை நிற்கும். அதை உடைத்துவிட்டு அஞ்சும் ஒரே மாதிரிக்கு ஓடுவாள். வந்தால் வீடே அதிரும். வராவிட்டால் எல்லாம் போகும். அவள் ஒவ்வொரு வேலையாக விட்டபோதெல்லாம் பெரியவர்கள் இந்தப் பகடையைத்தான் சொல்லிக் காட்டினார்கள்.

அன்றைக்கு மட்டும் வேறு ரித்திகா உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தாள் என்பதே அதிசயம். ஆனாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. முதல் உருட்டலில் மூன்று பகடை நாலாக விழுந்தன. மூன்றாவது உருட்டலில் நாலு நாலும் ஒரு மூன்றும் நின்றன. நாலு ஒரே மாதிரி என்ற கட்டத்தில் எழுதினால் பத்தொன்பது. நாலுகளின் கட்டத்தில் எழுதினால் பதினாறுதான். அவள் பதினாறை எழுதினாள். இனாமுக்கு அது வழி. தாளைப் பிடித்திருந்த சபரீஷ் நிமிர்ந்து பார்த்தான். அக்ஷயா லேசாகச் சிரித்தாள்.

அக்ஷயா முதலில் உருட்ட, ரித்திகா பின்னால் உருட்ட, ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. ரித்திகாவின் மேல்கட்டங்கள் அறுபத்தாறில் முடிந்தன, இனாம் கிடைத்தது. தெய்வாத்தாள் சமையலறைக்குப் போவதும், வாசற்படியில் நின்று யார் முன்னே என்று கேட்பதுமாக இருந்தாள். பெரியக்கா என்று சபரீஷ் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

ஜெயிக்கப்போகிறேனோ என்ற நினைப்பே ரித்திகாவைப் பாய்மேல் இருக்கவிடவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். வந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

இன்னும் மூன்று கட்டம் மீதி இருந்தபோது பழைய ரித்திகா வெளியே வந்தாள். பெரிய வரிசை, நாலு ஒரே மாதிரி, அஞ்சும் ஒரே மாதிரி என்ற மூன்றும்தான் அவளுக்குக் காலி. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து வரிசையாக நின்றன. ஒன்றோ ஆறோ வந்தால் பெரிய வரிசை. இரண்டு தடவை உருட்டினாள். இரண்டு தடவையும் வரவில்லை, கடைசியில் இன்னொரு ஐந்துதான் வந்தது. எதிலும் பொருந்தாது, முட்டை போட்டாக வேண்டும். அஞ்சும் ஒரே மாதிரி குதிரைக்கொம்பு, அதில் முட்டை போட்டுவிட்டுப் பெரிய வரிசையை வைத்துக்கொள்வதுதான் கணக்குத் தெரிந்தவர் செய்வது. ரித்திகா பெரிய வரிசையில் முட்டை போட்டாள்.

“அக்கா,” என்று சபரீஷ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“அத மட்டும் உடமாட்டேன் போடா,” என்றாள்.

அப்போது ரித்திகாவுக்கு இருநூற்று மூன்று. அக்ஷயாவுக்கு நூற்றெண்பத்துமூன்று. பார்த்தால் ரித்திகா இருபது முன்னே. ஆனால் விளையாடியவர்களுக்குத் தெரியும், அக்ஷயாவின் இனாம் இன்னும் வரவில்லை. ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லாவற்றிலும் மூன்று மூன்று என்று நாற்பத்தைந்து கட்டி வைத்திருந்தாள். ஆறுகளின் கட்டமும் நாலு ஒரே மாதிரி கட்டமும் காலி. மூன்று ஆறு விழுந்தால் அறுபத்துமூன்று தொடும்.

அக்ஷயா உருட்டினாள். இரண்டு ஆறு. வைத்துக்கொண்டாள். அடுத்ததில் இன்னொரு ஆறு. அடுத்ததில் இன்னொன்று. நாலு ஆறும் ஒரு இரண்டும் பாயில் நின்றன.

ரித்திகாவின் கால் ஆட்டம் நின்றது. முடிந்தது என்று நினைத்தாள். ஆறுகளின் கட்டத்தில் இருபத்துநாலு, இனாம் முப்பத்தைந்து, ஒரே வீச்சில் ஐம்பத்தொன்பது. இருநூற்று நாற்பத்திரண்டுக்குப் போய்விடுவாள். அதற்கப்புறம் அஞ்சும் ஒரே மாதிரி விழுந்தாலொழிய தன்னால் எட்ட முடியாது. கட்டிலில் கிடந்த சேலையைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நாலு ஒரே மாதிரில எழுது, சபரீ. இருபத்தாறு,” என்றாள் அக்ஷயா.

ரித்திகா திரும்பினாள். சபரீஷின் பேனா நின்றுவிட்டது. வாசற்படியில் நின்ற தெய்வாத்தாள், இருபத்துநாலை விட இருபத்தாறு பெரிசுதானே, அம்மிணிக்கு எப்பவும் கணக்கு சரியா வரும் என்று ஆறுச்சாமியிடம் சொன்னாள். பார்க்கிறவர்களுக்கு அது அப்படித்தான் தெரியும். இனாமைக் கை நழுவவிட்டு, ஆறுகளின் கட்டத்தைக் கடைசி முறைக்குத் தள்ளிவிட்டாள் என்பது பாயில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். மூன்று ஆறு மறுபடி விழ வேண்டும். மூன்று தடவை ஆடினால் ஒரு தடவைதான் விழும். பள்ளிக்கூட நாளிலேயே அக்ஷயா செய்யாத தப்பு.

“எழுதறதுக்கு முன்ன ஒருக்காப் பாத்துக்க, புள்ள,” என்றாள் ரித்திகா.

“பாத்துட்டேன்க்கா.” அக்ஷயா நிமிரவில்லை.

எழுதியது எழுதியதுதான், அதுவும் சட்டம். ரித்திகாவின் முறை வந்தது. கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் சீர் போய்விடும். கேட்காவிட்டால் சீர் வரும், ஆனால் எப்படி வரும்? தட்டில் போட்ட மாதிரி வரும். போன வருஷத்திலிருந்து எல்லோரும் அவளிடம் காட்டும் அந்த மரியாதை மாதிரி வரும். அவள் ஒன்றும் சொல்லாமல் பகடையை எடுத்தாள். சொல்லாமல் எடுத்தாள் என்பதே அவளைச் சுட்டது. முதலில் இரண்டு ஐந்து, பிறகு மூன்று ஐந்து, பிறகு நாலு ஐந்தும் ஒரு நாலும். நாலு ஒரே மாதிரியில் இருபத்துநாலு. அவளுக்கு இருநூற்று இருபத்தேழு, அக்ஷயாவுக்கு இருநூற்று ஒன்பது.

இனி அக்ஷயாவுக்கு ஆறுகளின் கட்டம் ஒன்றுதான். இரண்டு ஆறு விழுந்தாலும் போதாது. மூன்று விழாவிட்டால் ரித்திகா ஜெயித்தாயிற்று. அவள் எழுந்து கதவு வரை போய்த் திரும்பினாள். வெற்றி வாசலில் நின்றும் அவளுக்கு உள்ளே கூப்பிட மனசில்லை.

அக்ஷயா உருட்டினாள். ஆறு, ஆறு, ஒன்று, நாலு, நாலு. ஆறு இரண்டையும் ஒதுக்காமல் இருக்க முடியுமா? எழுதப்படிக்கத் தெரியாதவர்கூடச் சொல்வார். ஒதுக்கி வைத்து மூன்றை உருட்டினாள். ஆறு, மூன்று, ஒன்று.

மூன்று ஆறு. தோற்கப் பார்த்தவளைப் பகடை விடவில்லை. எல்லாம் கூட்டினால் இருநூற்று அறுபத்திரண்டு. இன்னும் ஒரு உருட்டல் பாக்கி.

அக்ஷயா கையை நீட்டி ஐந்து பகடையையும், மூன்று ஆறையும் சேர்த்து, அள்ளினாள்.

“அம்மிணி, அதெல்லாம் ஆறு கண்ணு. அத வெச்சுட்டு மத்ததப் போடு,” என்று தெய்வாத்தாள் பதறிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆட்டம் தெரியாதவளுக்கும் அது தெரிந்துவிட்டது.

“தெரியுங்க பெரிம்மா,” என்றாள் அக்ஷயா. “எனக்கு வேண்டாங்க.”

அந்த வீட்டில் அன்றைக்கு முதல்முதலாக அந்தச் சொல் விழுந்தது. தெய்வாத்தாள் அவளைப் பார்த்தாள், ரித்திகாவைப் பார்த்தாள். எல்லாம் இப்போது புரிந்தது.

“இதென்ன விளையாட்டு அம்மிணி. நாளைக்கு மண்டபத்துல நாலு பேரு பாத்துட்டு, இப்படி வந்து இருக்கறவளக் கொண்டாந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்துல...” என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

“முடிச்சுப்போடுங்க பெரிம்மா,” என்றாள் ரித்திகா. குரல் உயரவில்லை. “ஆறு மாசமாக் காப்பிதான் குடுக்கறீங்க. இன்னிக்காவது சொல்லிப்போடுங்க.”

தெய்வாத்தாள் கட்டிலில் கிடந்த சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள். ஆறுச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, தறிக்கூடத்தைப் பார்க்கிறவர்போல ஜன்னல் வழியாகப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

ரித்திகா அக்ஷயாவுக்கு எதிரே குனிந்து உட்கார்ந்தாள். அவளுடைய விரல்களைப் பிரித்து மூன்று பகடைகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக ஆறு மேலே தெரியும்படி பாயில் வைத்தாள்.

“இது உனக்கு உளுந்தது. உன்னோடது. மீதி ரெண்டப் போடு.”

“எனக்கு எதுக்குக்கா இது? அவன இடுப்புல வெச்சுட்டுத் திரிஞ்சது நீ. நான் அப்பப் பாண்டி ஆடிட்டிருந்தேன். நான் நின்னா எனக்கே நல்லா இருக்காது.”

“அத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். இருபத்தாறுன்னு எழுதி எனக்குப் பிச்சை போடக்கூடாது.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “நானும் பாத்துட்டுச் சும்மாத்தான் இருந்தேன். அது என் தப்பு. ஆனா தோத்துக் குடுக்காத புள்ள. ஜெயிச்சுட்டு என்ன வேணாச் செய்யி.”

அக்ஷயா இரண்டு பகடையை உருட்டினாள். ஐந்தும் இரண்டும். மூன்று ஆறு, பதினெட்டு. நாற்பத்தைந்தும் பதினெட்டும் அறுபத்துமூன்று. இனாமோடு இருநூற்று அறுபத்திரண்டு என்று சபரீஷ் மெதுவாக எழுதினான்.

ரித்திகாவுக்கு மிச்சம் அஞ்சும் ஒரே மாதிரி. அவள் விடாமல் வைத்திருந்த கட்டம். விழுந்தால் இருநூற்று எழுபத்தேழு, சீர் அவளுக்கு. எவரும் கொடுத்ததாகவும் ஆகாது. ஐந்தையும் அள்ளிக் குலுக்கினாள். இரண்டு பகடை மூன்றாக விழுந்தன. வைத்துக்கொண்டாள். அடுத்ததில் இன்னொரு மூன்று. சமையலறையில் குக்கர் விசிலடித்தும் யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை. கடைசி இரண்டு பகடையை அவள் உருட்டாமல் வெகுநேரம் கைக்குள் வைத்திருந்தாள்.

ஒன்று மூன்றாக நின்றது. மற்றொன்று பாயின் ஓரத்தில் சுழன்று நாலாக விழுந்தது.

நாலு மூன்று. அதற்கான கட்டம் முன்னமே நிரம்பிவிட்டது. ரித்திகா சபரீஷிடமிருந்து பேனாவை வாங்கித் தானே முட்டை போட்டாள். “அக்ஷயா ஜெயிச்சுட்டா,” என்று சொல்லிவிட்டு, பகடைகளைப் பெட்டிக்குள் அள்ள ஆரம்பித்தாள். முகம் சுளிக்கவில்லை. கண் மட்டும் பெட்டியை விட்டு நிமிரவில்லை.

தெய்வாத்தாளுக்கு மூச்சு வந்தது. கட்டிலில் கிடந்த சேலையை எடுத்து அக்ஷயாவின் கையில் கொடுத்தாள். கொடுத்தபோது ரித்திகாவின் முதுகை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். ரித்திகா நகரவில்லை.

அக்ஷயா சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எழுந்து நின்றாள்.

“பெரிம்மா, யாரு ஜெயிச்சாலும் சம்மதம்னு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க.”

“சொன்னேன் கண்ணு. அதான் குடுத்துட்டேனே.”

“இப்ப இது என்னோடதுங்க. ஜன்னல் சீட்ட ஜெயிச்சுட்டு நான் யாருக்கு வேணாக் குடுப்பேன், அதுவும் எங்க சட்டந்தான். என் சீர எங்கக்காளுக்குக் குடுக்கறேன். யாராவது கேட்டா, செய்யவேண்டியவ அக்ஷயா, அவளாத்தான் அக்கா கையில குடுத்தான்னு சொல்லிப்போடுங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்.”

சேலையை ரித்திகாவின் மடியில் வைத்தாள். ரித்திகா அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. இந்தத் தடவை கட்டத்துக்குள் ஒளித்து வைக்காமல் வெளிச்சத்தில் வைத்துக் கொடுக்கிறாள். வாங்கலாமா என்று அவள் மனது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கால் மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

“அம்மா,” என்றான் சபரீஷ். அவ்வளவுதான் சொன்னான்.

தெய்வாத்தாள் வேண்டாம் என்று சொல்ல அங்கே எல்லா இடமும் இருந்தது. ஆறு மாதமாகச் சுற்றிச் சுற்றி வந்த சொல் அது. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அந்தச் சொல் அவளுக்கு இன்றைக்கும் வரவில்லை; பெண் வீட்டுச் சம்பந்திகள், மண்டபத்தில் முன்வரிசையில் உட்காரப்போகிற தன் அண்ணன் பெண்டாட்டி, அருமைக்காரரின் புருவம் எல்லாம் அவள் கண்ணில் வந்து போயின. சேலையைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

“அளவு ரவிக்கை எதாச்சும் கொண்டாந்திருக்கறயா கண்ணு?” என்றாள் ரித்திகாவிடம். “தையக்காரன் நாளைக்கே துணி கேட்டான். நீ போன தீவாளிக்கு இருந்ததுக்கு இப்ப எளச்சுப்போயிட்ட.”

அளவு ரவிக்கை எங்கே இருக்கிறது, பொள்ளாச்சியிலேயே விட்டுவிட்டு வந்தோமா, திருப்பூர் ரூமில் கிடக்கிறதா என்று ரித்திகாவுக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் முன்வரிசைக்காரர்கள் என்ன முணுமுணுப்பார்கள் என்பதும் தெரியவில்லை. சேலையை மடியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“தேடிப் பாக்கறேனுங்க பெரிம்மா,” என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக மறுபடி நடக்க ஆரம்பித்தாள். சமையலறையில் குக்கர் தீய்ந்த வாசம் வந்தபோது ஓடிப்போய் அணைத்ததும் அவள்தான். சேலையைக் கீழே வைக்காமலே அணைத்தாள்.